சிறிய வேறுபாடுகளை எப்படி எடைபோடுவது? பெரிய கணக்கெடுப்புகளும் கல்வராயன்மலையும்

பல்லாயிரம் பேரிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பு, இரண்டு குழுக்களுக்கு இடையே ஒன்றரை சதவீத வேறுபாட்டைக் காட்டுகிறது. அது தற்செயலாக வந்ததல்ல என்று புள்ளியியல் சோதனையும் சொல்லிவிடுகிறது. அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டுமா? ஒரு திட்டத்தைத் தொடரவோ நிறுத்தவோ அது போதுமான காரணமா? நூறாண்டுகளுக்கும் மேலாக இந்தக் கேள்விக்குப் பல விடைகள் சொல்லப்பட்டுள்ளன. ஒவ்வொரு விடையும் முந்தையதன் ஒரு குறையைச் சரிசெய்தது. கூடவே தனக்கென ஒரு குறையையும் கொண்டுவந்தது.

இக்கட்டுரை அந்த விடைகளை ஒரே ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு உரசிப் பார்க்கிறது. எடுத்துக்காட்டு தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. 2015–16-இல் நடந்த நான்காம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 55.0 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. 2019–21-இல் நடந்த ஐந்தாம் சுற்றில் அது 53.4 சதவீதம். குறைவு 1.6 சதவீதப் புள்ளிகள். நான்காம் சுற்றில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களும் அடுத்ததில் 25,650 பேரும் பங்கேற்றனர். ஐந்தாம் சுற்றில் நாடு முழுவதும் 7,24,115 பெண்கள் பேட்டி காணப்பட்டார்கள். உலகின் மிகப் பெரிய குடும்ப ஆய்வுகளில் இது ஒன்று.

இந்தக் கேள்வியைக் கள்ளக்குறிச்சியிலிருந்து கேட்பதற்குக் காரணம் உண்டு. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. ஐந்தாம் சுற்றோ 2017 மார்ச்சில் இருந்த மாவட்ட எல்லைகளைப் பின்பற்றியது. ஆகவே கள்ளக்குறிச்சியும், மலையாளிப் பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழும் அதன் கல்வராயன்மலைப் பகுதியும் அந்த அறிக்கையில் விழுப்புரம் என்ற ஒரே வரிசைக்குள் அடங்கியுள்ளன.

## முதல் விடை: தற்செயலா, இல்லையா?

மிகைகாண் சோதனையை ஆய்வாளர்களின் அன்றாடக் கருவியாக்கியவர் இங்கிலாந்தின் ரொனால்ட் ஃபிஷர். 1925-இல் வெளிவந்த அவருடைய நூல் ‘ஐந்து சதவீதம்’ என்ற எல்லையைப் பரப்பியது. குழுக்களுக்கிடையே உண்மையில் வேறுபாடே இல்லை என்று முதலில் வைத்துக்கொள்வார்கள். அந்நிலையிலும் கையில் உள்ள அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ வேறுபாடு மாதிரியில் தோன்ற எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று கணக்கிடுவார்கள். அந்த நிகழ்தகவு இருபதில் ஒன்றுக்குக் கீழே போனால் ‘மிகையானது’ என்பார்கள். 1933-இல் நெய்மனும் எகான் பியர்சனும் இதை முடிவெடுக்கும் முறையாக மாற்றி அமைத்தார்கள். இல்லாததை உண்டு என்பது ஒரு தவறு. உள்ளதை இல்லை என்பது இன்னொன்று. இரண்டின் விளைவையும் முன்கூட்டியே எடைபோட வேண்டும் என்பது அவர்களுடைய வாதம்.

இச்சோதனையை 1.6 புள்ளிக் குறைவுக்குச் செய்து பார்க்கலாம். ஒவ்வொரு பெண்ணும் தனித்தனியாகக் குலுக்கலில் தேர்வானவர் என்று கொண்டால், இரண்டு சதவீதங்களின் வித்தியாசத்துக்கான திட்டப்பிழை சுமார் 0.43 புள்ளி. 1.6 என்பது அதைப்போல் 3.7 மடங்கு. தற்செயலாக இப்படி வர வாய்ப்பு பத்தாயிரத்தில் இரண்டு அளவே.

ஆனால் பெண்கள் தனித்தனியாகத் தேர்வாவதில்லை. முதலில் ஊர்களும் நகரப் பகுதிகளும் கொத்துகளாகத் தேர்வாகின்றன. பின்னர் ஒவ்வொரு கொத்திலும் 22 வீடுகள் எடுக்கப்படுகின்றன. ஒரே ஊரில் வாழ்பவர்கள் ஒரே கிணற்றுத் தண்ணீரையும் ஒரே ரேஷன் கடை அரிசியையும் பங்கிடுகிறவர்கள்; ஒருவருக்கொருவர் ஒத்திருப்பார்கள். அதனால் 25 ஆயிரம் பேர் தரும் தகவல் உண்மையில் 25 ஆயிரம் பேர் அளவுக்கு இருக்காது. இந்தக் கொத்து விளைவு சிதறலை இரட்டிப்பாக்குவதாகக் கொண்டால் திட்டப்பிழை 0.61 ஆகிறது, 1.6 அதைப்போல் 2.6 மடங்கு. நான்கு மடங்காக்கினால் சுமார் 1.9 மடங்குதான், ஐந்து சதவீத எல்லைக்குள் அது வராது. தற்செயலா இல்லையா என்ற கேள்விக்கான விடையே மாதிரி எடுத்த முறையைச் சரியாகக் கணக்கில் கொள்வதைப் பொறுத்து மாறிவிடுகிறது. பெரிய கணக்கெடுப்பின் தரவைச் சாதாரண சூத்திரத்தில் போட்டு ‘மிக மிகையானது’ என்று எழுதும் கட்டுரைகளில் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

## இரண்டாம் விடை: எண்ணிக்கை பெருகினால் எல்லாமே மிகையாகும்

அமெரிக்க உளவியலாளர் எட்வின் போரிங் 1919-லேயே, கணித அளவில் மிகையாக இருப்பதையும் அறிவியல் அளவில் முக்கியமாக இருப்பதையும் குழப்பக்கூடாது என்று எழுதினார். 1938-இல் மேயோ மருத்துவமனையின் ஜோசப் பெர்க்சன் இன்னும் கூர்மையாகச் சொன்னார். உலகத்துத் தரவு எதுவும் ஒரு சூத்திரத்துக்கு அச்சாகப் பொருந்துவதில்லை. ஆகவே இரண்டு லட்சம் பேரை அளந்தால் சோதனை ஏறத்தாழ எப்போதுமே ‘பொருந்தவில்லை’ என்றுதான் சொல்லும். முடிவு முன்பே தெரிந்துவிட்டால் சோதனை எதற்கு என்பது அவருடைய கேள்வி.

பால் மீல், டேவிட் லிக்கன் ஆகியோர் மினசோட்டா மாநிலத்தில் சுமார் 57 ஆயிரம் பள்ளி மாணவர்களின் விவரங்களை எடுத்து, 15 பண்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். கிடைத்த 105 இணைகளும் மிகையாகவே வந்தன. சமூகத்தில் எதற்கும் எதனோடும் ஒரு மெல்லிய தொடர்பு இருக்கும்; மாதிரி பெரிதாக இருந்தால் அந்த மெல்லிய தொடர்பும் பிடிபடும் என்பது அவர்கள் கண்டது. ‘வேறுபாடே இல்லை’ என்ற இன்மைக் கருதுகோள் மனிதர்களைப் பற்றிய ஆய்வில் அச்சொட்டாக உண்மையாக இருப்பது அரிது.

இதற்குத் தீர்வாக எல்லையை இருபதில் ஒன்றிலிருந்து இருநூறில் ஒன்றாக இறுக்கலாம் என்று 2018-இல் ஒரு பெரிய ஆய்வாளர் குழு முன்மொழிந்தது. சிறிய ஆய்வுகளில் இது பயன்தரலாம். பெரிய கணக்கெடுப்புகளில் கோடு கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவே. மாதிரியை இன்னும் பெரிதாக்கினால் அந்தக் கோட்டையும் கடந்துவிடலாம். 2016-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் வெளியிட்ட அறிக்கையும், இந்த நிகழ்தகவு வேறுபாட்டின் அளவையோ முக்கியத்துவத்தையோ காட்டாது என்று தெளிவாகச் சொன்னது. இந்த விமர்சனம் வலுவானது. ஆனால் எதைக் கொண்டு முக்கியத்துவத்தை அளப்பது என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

## மூன்றாம் விடை: அளவைப் பார்

ஜேக்கப் கோஹன் 1969-இல் வெளியிட்ட நூல் அந்த வெற்றிடத்தை நிரப்ப முயன்றது. இரண்டு சராசரிகளுக்கு இடையேயுள்ள தூரத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால் கிடைப்பது விளைவின் அளவு. 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்று அவர் ஒரு வழிகாட்டுதலைத் தந்தார்.

1.6 புள்ளிக் குறைவை ஹீமோகுளோபின் கிராம் கணக்குக்கு மாற்றினால் இதன் பயன் தெரியும். கருவுறாத பெண்களுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று கணக்கிடுகிறார்கள். திட்ட விலக்கம் ஒன்றரை கிராம் அளவு என்று வைத்துக்கொண்டால், அந்த 12 என்ற கோட்டை ஒட்டி ஒவ்வொரு 0.1 கிராம் இடைவெளியிலும் சுமார் இரண்டரை சதவீதப் பெண்கள் இருப்பார்கள். அப்படியானால் 1.6 புள்ளிக் குறைவு வருவதற்குச் சராசரி ஹீமோகுளோபின் சுமார் 0.06 கிராம் உயர்ந்தால் போதும். விளைவின் அளவு 0.04. கோஹன் ‘சிறியது’ என்றதில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்று எண்ணும்போது மிகச் சிறிய நகர்வும் பெரிதாகத் தெரிகிறது, 11.9-லிருந்து 12.0-க்கு வந்தவர் நோயிலிருந்து மீண்டவராகிவிடுகிறார்.

ஆனால் இந்த அளவுகோலுக்கும் எதிர்வாதம் உண்டு. பிரிட்டன் மருத்துவர் ஜெஃப்ரி ரோஸ் 1985-இல் எழுதிய கட்டுரை, ஒரு தனி மனிதருக்கு அற்பமான மாற்றம் மக்கள்தொகை முழுவதிலும் நிகழ்ந்தால் பெரும் பயன் தரலாம் என்று காட்டியது. ரத்த அழுத்தத்தின் சராசரியில் ஏற்படும் சிறு குறைவு எத்தனையோ பேரை நோயிலிருந்து காப்பாற்றும். தமிழ்நாட்டில் இந்த வயதுப் பெண்கள் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர். 1.6 சதவீதம் என்பது மூன்று லட்சம் பேர். அவர்களைச் ‘சிறிய விளைவு’ என்று ஒதுக்கிவிட முடியுமா?

முடியாது. ஆனால் ரோஸின் வாதம் செல்லுபடியாக ஒரு நிபந்தனை தேவை: அந்த நகர்வு உண்மையாக இருக்க வேண்டும். 0.06 கிராம் உண்மையிலேயே மக்களின் உடலில் நிகழ்ந்திருந்தால் மட்டுமே மூன்று லட்சம் என்ற எண்ணுக்குப் பொருள். அது அளந்த விதத்தால் வந்திருந்தால் ஒருவருக்கும் பயன் இல்லை.

## நான்காம் விடை: அளவுகோலை முன்கூட்டியே நாட்டு

1980-களில் மருந்து ஆய்வில் வளர்ந்த மற்றொரு வழி, எது பொருட்படுத்தத்தக்க மிகச் சிறிய வேறுபாடு என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்யச் சொல்கிறது. 1987-இல் டொனால்ட் ஷூர்மன் இரண்டு மருந்துகள் நடைமுறையில் சமமானவையா என்று சோதிக்க இதை முறைப்படுத்தினார். இங்கே கேள்வி ‘சுழியமா, இல்லையா’ என்பதல்ல. வேறுபாடு அந்த எல்லைக்கு உள்ளே அடங்குகிறதா, வெளியே நிற்கிறதா என்பதுதான்.

நம் எடுத்துக்காட்டுக்கு எல்லையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 2018-இல் தொடங்கிய ‘ரத்தசோகையற்ற பாரதம்’ திட்டம் ஆண்டுக்கு மூன்று சதவீதப் புள்ளிகள் குறைக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. கொத்து விளைவு இரண்டு மடங்கு என்று கொண்டால், கண்ட குறைவுக்கான 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.4 முதல் 2.8 புள்ளிகள் வரை வருகிறது. சுழியம் அதற்குள் இல்லை. ஆகவே மிகைகாண் சோதனை ‘குறைந்தது’ என்கிறது. மூன்றும் அதற்குள் இல்லை. ஆகவே இந்த முறை ‘ஓர் ஆண்டுக்கான இலக்கின் அளவைக்கூட இரண்டு சுற்றுகளுக்கு இடைப்பட்ட காலம் முழுவதிலும் எட்டவில்லை’ என்கிறது. ஒரே தரவு இரண்டு தலைப்புகளுக்கும் இடம் தருகிறது. இரண்டாவதுதான் திட்டத்தை நடத்துபவருக்குப் பயன்படும்.

இதன் பலவீனம் எல்லையை யார் வகுப்பது என்பதில் இருக்கிறது. இலக்குகள் பல சமயம் எட்டக்கூடியதை வைத்தோ அறிவிக்க வசதியானதை வைத்தோ நிர்ணயிக்கப்படலாம். ஒரு பெண்ணின் உடல்நலத்தில் எந்த அளவு மாற்றம் தெரியும் என்பதை வைத்து நிர்ணயிக்கப்பட்டவை குறைவு. எல்லையைத் தரவு வந்த பின் மாற்றினால் முறை முழுவதும் பயனற்றுப்போகும்.

## ஐந்தாம் விடை: பெரிய மாதிரி சுருக்காத பிழை

இந்த விவாதத்தில் இந்தியாவின் பங்கு பெரியது. கல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய மகலநோபிஸ், வங்கத்துச் சணல் கணக்கெடுப்புகளில் ஒரே பரப்பை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் ஒப்படைத்தார். ஒவ்வொரு குழுவுக்கும் தனித் துணை மாதிரி. இரண்டு குழுக்களின் விடைகளும் எவ்வளவு விலகுகின்றனவோ அதில் மாதிரிப் பிழையோடு அளந்தவர்களின் பிழையும் சேர்ந்து வெளிப்படும். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950-இல் தொடங்கியபோது இந்த வழக்கமும் அதோடு வந்தது. அதே காலத்தில் பி. வி. சுகாத்மே, சிறிய பாத்திகளை அறுத்து விளைச்சலை மதிப்பிட்டால் அளவு கூடுதலாக வருவதைக் காட்டினார். ஓரத்தில் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்துக்கொள்ளும் சாய்வு ஒவ்வொரு பாத்தியிலும் ஒரே திசையில் விழுந்தது. எத்தனை ஆயிரம் பாத்திகள் அறுத்தாலும் அது போகாது.

முள் ஒரு பக்கம் சாய்ந்த தராசில் ஆயிரம் முறை நிறுத்தாலும் சாய்வு அப்படியே இருக்கும். மாதிரி பெருகும்போது சுருங்குவது தற்செயல் பிழை மட்டுமே. ஆகவே மாதிரி மிகப் பெரிதாகி வேறுபாடு மிகச் சிறிதாகும்போது, எஞ்சி நிற்பதில் சாய்வின் பங்கு கூடிக்கொண்டே போகிறது. ஷியாவ்-லி மெங் 2018-இல் இதைச் சூத்திரமாகவே எழுதிக் காட்டினார்.

குடும்பநலக் கணக்கெடுப்பின் இவ்விரு சுற்றுகளிலும் விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கையடக்கக் கருவியில் அளந்தார்கள். முதல் துளிகளைத் துடைத்துவிட்டு, தானாக வரும் அடுத்த துளியை எடுக்க வேண்டும். விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும்; அளவு குறைவாகக் காட்டும். கருவி காட்டும் மிகச் சிறிய படி 0.1 கிராம். நாம் விவாதிக்கும் நகர்வு 0.06. தனி அளவுகளின் தோராயம் ஆயிரக்கணக்கில் சராசரியாகும்போது கரைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஒரு சுற்றின் களப்பணியாளர்கள் மற்ற சுற்றைவிடச் சற்று அதிகமாகப் பிழிந்திருந்தால் அது கரையாது. ஐந்தாம் சுற்றின் தமிழ்நாட்டுக் களப்பணி பெருந்தொற்று முடக்கத்தால் இரண்டாகப் பிரிந்து நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முறையால் எவ்வளவு மாறலாம்? 2016–18-இல் நாளத்திலிருந்து ரத்தம் எடுத்து நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது. அதற்குச் சற்று முன் நடந்த குடும்பநலக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்று, 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 58 சதவீதத்துக்கும் மேல் என்றது. வயது வரம்பும் காலமும் சற்று வேறுபடுகின்றன. எனினும் இந்தப் பெரிய இடைவெளியில் அளக்கும் முறைக்குக் கணிசமான பங்கு உண்டு என்றே பலர் கருதுகிறார்கள். இத்தனை புள்ளிகள் முறையால் நகரக்கூடிய இடத்தில் 1.6 புள்ளியை நிகழ்தகவால் மட்டும் உறுதிப்படுத்த இயலாது.

## மலையில் பார்த்தால்

கல்வராயன்மலையின் மேட்டுநிலம் பெரும்பாலும் 600 முதல் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரமான இடங்களில் காற்றில் ஆக்சிஜன் குறைவதால் உடல் கூடுதலாக ஹீமோகுளோபினை உண்டாக்குகிறது. ஆகவே அளந்த எண்ணிலிருந்து ஒரு பகுதியைக் கழித்த பிறகே 12 என்ற கோட்டோடு ஒப்பிட வேண்டும். பழைய விதியின்படி 1,000 மீட்டருக்கு மேல்தான் கழிவு. குடும்பநலக் கணக்கெடுப்பும் அதையே பின்பற்றியது. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் விதியை மாற்றி, 500 முதல் 999 மீட்டர் வரை 0.4 கிராம் கழிக்கச் சொன்னது.

முன்சொன்ன கணக்கின்படி 0.4 கிராம் என்பது சுமார் 10 சதவீதப் புள்ளிகள். மலையில் ஒரு பெண்ணின் உடலிலும் எதுவும் மாறாமலே, விதி மாறியதால் மட்டும் ரத்தசோகை உள்ளவர்களின் பங்கு இவ்வளவு உயரக்கூடும். மாநில அளவில் கொண்டாடவோ வருந்தவோ எடுத்துக்கொண்ட 1.6-ஐப்போல் ஆறு மடங்கு இது. எந்தக் கோட்டைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது மாதிரிப் பிழையைவிடப் பெரியதாகிவிடும் இடங்கள் உண்டு என்பதற்கு இது ஒரு தெளிவான சான்று.

எதிர்த்திசைத் தவறும் இங்கேதான் தெரிகிறது. ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களிலிருந்து 27,929 வீடுகள் இடம்பெற்றன. ஒரு மாவட்டத்துக்குச் சராசரியாக 870-க்குச் சற்று மேல், அதாவது சுமார் 40 கொத்துகள். பழைய விழுப்புரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011-இல் 34 லட்சத்துக்கும் மேல். அதில் மலைமக்களின் பங்கு மிகச் சிறிது என்பதால், 40 கொத்துகளில் ஒன்று மலையில் விழுந்திருக்கலாம். ஒன்றும் விழாமலும் இருந்திருக்கலாம். ஒரு கொத்தில் 20 பெண்கள் அளக்கப்பட்டால், அவர்களிடம் கிடைக்கும் சதவீதத்தின் பிழை இருபுறமும் சுமார் 22 புள்ளிகள். மலைக்கும் சமவெளிக்கும் இடையே 15 புள்ளி வேறுபாடு உண்மையாகவே இருந்தாலும் சோதனை ‘மிகையில்லை’ என்றுதான் சொல்லும்.

மலைக்கும் சமவெளிக்கும் இடையே 10 புள்ளி வேறுபாட்டை ஐந்தில் நான்கு வாய்ப்போடு கண்டுபிடிக்க, கொத்து விளைவை இரண்டு மடங்காகக் கொண்டு, சமவெளியிலிருந்தும் அதே எண்ணிக்கையில் எடுத்தால், மலையிலிருந்து மட்டும் சுமார் 800 பெண்கள் தேவை. ஐந்தாம் சுற்றில் ஒரு மாவட்டம் முழுவதற்கும் கிடைத்த சராசரி எண்ணிக்கை அதுவே. மாநிலத்துக்குப் பெரியதான அதே கணக்கெடுப்பு மலைக்குச் சிறியது. மாநில அளவில் அற்பமானதை உறுதியாகச் சொல்லும். மலையளவில் கனமானதைச் சொல்லாமல் விட்டுவிடும்.

## எஞ்சி நிற்பவை

ஐந்து விடைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று ஓரளவு உறுதியாகத் தெரிகிறது. அவை ஒன்றுக்கொன்று மாற்றுகள் அல்ல. ஒரு வரிசையில் கேட்க வேண்டிய கேள்விகள். பெரிய கணக்கெடுப்புகளில் முதலில் வர வேண்டியது ஐந்தாவது: அளக்கும் முறையும் விதியும் மட்டுமே இந்த அளவு வேறுபாட்டை உண்டாக்கியிருக்க முடியுமா? முடியும் என்றால் அங்கேயே நிறுத்துவது நல்லது. முடியாது என்றால், முன்கூட்டி வகுத்த எல்லையோடு நம்பிக்கை இடைவெளியை ஒப்பிட வேண்டும். அதன் பிறகே அந்த வேறுபாடு எத்தனை பேரை எவ்வளவு தொடுகிறது என்று பார்க்க வேண்டும். மிகைகாண் சோதனைக்கு இந்த வரிசையில் இடம் உண்டு. ஆனால் பல்லாயிரம் பேரின் தரவில் அது ஒரு வடிகட்டி மட்டுமே, தீர்ப்பு அல்ல. தமிழ்நாட்டுப் பெண்களின் ரத்தசோகையில் 1.6 புள்ளிக் குறைவு முதல் கேள்வியையே தாண்டவில்லை என்பது இக்கட்டுரையின் மதிப்பீடு. குறையவில்லை என்று இதற்குப் பொருள் இல்லை. குறைந்தது என்று சொல்லும் அளவுக்கு அளவீடு கூர்மையாக இல்லை என்பதே பொருள்.

தீராதவை மூன்று. பொருட்படுத்தத்தக்க எல்லையை மருத்துவம் வகுப்பதா, நிர்வாகம் வகுப்பதா, பாதிக்கப்படுகிறவர்கள் வகுப்பதா என்பதில் ஒப்புதல் இல்லை. அளவீட்டுச் சாய்வின் அளவைத் துணை மாதிரிகளால் ஓரளவு அறியலாம். ஆனால் எல்லாக் குழுக்களும் ஒரே திசையில் சாய்ந்தால் மகலநோபிஸின் வழியும் அதைக் காட்டாது. கல்வராயன்மலை போன்ற இடங்களுக்குக் கூடுதல் மாதிரி எடுப்பதா, அல்லது அருகிலுள்ள தரவிலிருந்து மாதிரியமைப்பு மூலம் மதிப்பிடுவதா என்பதும் முடிவாகவில்லை. இரண்டாவது வழி மலிவானது. ஆனால் மலை சமவெளியைப்போலவே இருக்கும் என்ற ஊகத்தை அது சிறிதளவேனும் உள்ளே கொண்டுவரும். மலை எவ்வளவு வேறுபட்டது என்பதுதான் கேள்வி என்னும்போது, அந்த ஊகத்துக்கு எவ்வளவு இடம் தரலாம் என்பதை இன்னும் யாரும் நிறைவாகச் சொல்லவில்லை.